இன்னும் வராத பழுதுகளின் பட்டியல்

புதிய பொருள் ஒன்று உற்பத்திக்கு வருவதற்கு முன்பே, அது எந்தெந்த வகையில் பழுதாகலாம், பழுதானால் யாருக்கு என்ன நேரும், எதனால் அந்தப் பழுது வரும், வந்தால் எந்த இடத்தில் பிடிபடும் என்று வரிசையாக எழுதி, எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கும் முறைக்குப் பழுது வகை, விளைவுப் பகுப்பாய்வு என்று பெயர். தொழிற்சாலைகளில் எல்லோரும் அதை எஃப்.எம்.இ.ஏ. என்றே சொல்கிறார்கள். அமெரிக்க ராணுவம் 1949 நவம்பரில் இதை ஒரு நடைமுறை ஆவணமாக எழுதி வைத்தது. 1960களில் நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில் நாசா இதைப் பயன்படுத்தியது. 1970களின் பிற்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் வழியாகக் கார் தொழிலுக்கு வந்தது. 1993இல் கிரைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றும் சேர்ந்து பொதுக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தன. 2019இல் அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் தொழில் அமைப்புகள் இணைந்து அதைப் புதுப்பித்தன. இன்று சென்னையிலோ ஓசூரிலோ கார் உதிரிபாகம் செய்யும் ஆலை, புதிய பாகம் ஒன்றுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் கேட்கும்போது இந்த அட்டவணையையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. வரைபடத்திலேயே இருக்கக்கூடிய குறைகளைத் தேடுவது வடிவமைப்புப் பகுப்பாய்வு. வரைபடம் சரியாகவே இருந்தாலும் செய்யும்போது நேரக்கூடிய தவறுகளைத் தேடுவது செயல்முறைப் பகுப்பாய்வு. முன்னதைப் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசி ஓரளவு முடித்துவிடலாம். பின்னதை அப்படி முடிக்க முடியாது. பாகத்தைக் கையில் எடுத்து மாட்டுகிறவருக்குத் தெரிந்தது அலுவலக அறையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் பல ஆலைகளில் நடப்பது வேறு. பழைய மாடலின் கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, சில எண்களைத் திருத்திப் புதிய மாடலுக்கு என்று சேமித்துவிடுகிறார்கள். தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் காட்ட அது போதும். தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் தங்கள் வேலையோடு அதற்கு உறவில்லை என்றுதான் நினைப்பார்கள். ஆகவே அவர்களுக்கு இதை விளக்கப்போகிறவர் முதலில் தனக்குத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. முடிந்துபோன அட்டவணையை அவர்களுக்குப் படித்துக் காட்டுவது விளக்கம் ஆகாது. அட்டவணையின் காலியான கட்டங்களை அவர்களோடு சேர்ந்து நிரப்புவதே விளக்கம்.

கோவை பம்ப் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆலை வீட்டு உபயோகத்துக்கான 1 ஹெச்.பி. மோனோபிளாக் பம்ப் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மோனோபிளாக்கில் மோட்டாரின் சாஃப்ட்டே நீண்டு பம்புக்குள் நுழைகிறது. அதன் முனையில் இம்பெல்லர் இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மின்சாரம். இரண்டுக்கும் நடுவே, சுழலும் சாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது மெக்கானிக்கல் சீல். கைக்குள் அடங்கிவிடும் இந்தப் பாகம் இரண்டு பகுதிகளாக வருகிறது. ரப்பர் கிண்ணத்துக்குள் உட்கார்ந்த செராமிக் வளையம் அசையாமல் இருக்கும் பகுதி. கார்பன் வளையம், ரப்பர் பெல்லோஸ், ஸ்பிரிங் ஆகியவை சேர்ந்தது சாஃப்ட்டோடு சுழலும் பகுதி. ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கார்பனும் செராமிக்கும் முகத்தோடு முகம் உரசிக்கொண்டே இருக்கும். அந்த இரு முகங்களும் மிகத் துல்லியமாகத் தட்டையாக்கப்பட்டவை. அவற்றின் நடுவே மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருக்கும். அந்தப் படலம்தான் முகங்களுக்கு மசகு. அதைவிட அதிகமாக எந்தத் தண்ணீரும் தாண்டிப் போகாது.

இந்தச் சீலை மாட்டும் ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். முழு லைனையும் ஒரே அமர்வில் எடுத்தால் யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது. அமர்வு நடக்க வேண்டிய இடமும் பயிற்சி அறை அல்ல. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போதும். மேசையில் புதிய சீல்கள் சில, திரும்பி வந்த பம்புகளிலிருந்து கழற்றிய பழைய சீல்கள் சில, சாஃப்ட் ஒன்று, பிராக்கெட் ஒன்று வைக்க வேண்டும். சுவரில் பெரிய தாள் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஸ்டேஷனில் இரண்டு ஷிஃப்ட்டிலும் வேலை செய்கிறவர்கள், அதற்கு முந்தைய, பிந்தைய ஸ்டேஷன்களில் இருப்பவர்கள், கசிவுச் சோதனை செய்கிறவர், ரீவொர்க் மேசையில் இருப்பவர், சர்வீஸ் பிரிவிலிருந்து ஒருவர், பொறியாளர் ஒருவர் என ஏழெட்டுப் பேர் போதும். ரீவொர்க் மேசைக்காரரை யாரும் விட்டுவிடக் கூடாது. மற்றவர்களுக்கு ஊகமாக இருப்பது அவருக்கு நேற்றைய வேலை.

முதல் கேள்வி பழுதைப் பற்றியது அல்ல. “இந்த ஸ்டேஷனில் என்ன நடக்க வேண்டும்?” என்பதே முதல் கேள்வி. “சீல் போடணும்” என்றுதான் பதில் வரும். அது போதாது. சொல்லவைத்துச் சொல்லவைத்து, வேலையை ஒரு முழு வாக்கியமாக ஆக்க வேண்டும்: செராமிக் வளையத்தை, தேய்த்துப் பளபளப்பாக்கிய முகம் வெளியே தெரியும்படி, சாய்வில்லாமல், முகத்தில் விரல் படாமல், பிராக்கெட்டின் குழிக்குள் அடிவரை அமுக்க வேண்டும். இவ்வளவு விவரமாக எழுதிவிட்டால் பழுது வகைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் மறுத்துப் பார்த்தாலே அவை வந்துவிடும். முகம் தலைகீழாகப் போய்விட்டது. வளையம் சாய்ந்துவிட்டது. முகத்தில் விரலின் எண்ணெய்ப் பசையோ தூசியோ பட்டுவிட்டது. அடிவரை போகவில்லை. அமுக்கும்போது விரிசல் விட்டது. வளையத்தையே போடாமல் விட்டாயிற்று. சாஃப்ட்டில் பெல்லோஸ் ஏற்றும் வேலையையும் இப்படியே எழுதிப் பார்த்தால், கீவேயின் கூர்மையான விளிம்பில் பட்டு ரப்பர் கிழிவது முதலில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் தொழிலாளர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்; பொறியாளர்களும்தான். “தண்ணீர் ஒழுகும்” என்று பழுது வகைக் கட்டத்தில் எழுதச் சொல்வார்கள். ஒழுகுவது விளைவு. வளையம் தலைகீழாக உட்கார்ந்ததே அந்த ஸ்டேஷனில் நடந்த பழுது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட எளிய வழி உண்டு: பம்பை அந்த ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்து, “இப்போது பார்த்தால் என்ன தெரியும்?” என்று கேட்பது. அங்கே தண்ணீரே இல்லை. எனவே ஒழுகல் தெரியாது. தலைகீழாக இருக்கும் வளையம் தெரியும். எந்தத் தவறை அந்த மேசையிலேயே கண்ணால் பார்க்க முடியுமோ, அதைத்தான் பழுது வகை என்று எழுத வேண்டும்.

விளைவை மூன்று இடங்களில் தேட வேண்டும். அடுத்த ஸ்டேஷனில் என்ன ஆகும், ஆலைக்குள் என்ன ஆகும், பம்பை வாங்கிய வீட்டில் என்ன ஆகும். தலைகீழான வளையத்தால் அடுத்த ஸ்டேஷனில் ஒன்றும் ஆகாது. இம்பெல்லர் வழக்கம்போல ஏறிவிடும். ஆலைக்குள், கசிவுச் சோதனையில் பம்ப் திருப்பி அனுப்பப்படலாம். மூன்றாவது இடம்தான் முக்கியம். செராமிக்கின் பின்முகம் சரியாகத் தேய்க்கப்படாதது. கார்பன் அதில் உரசி வேகமாகத் தேயும். சில வாரங்களில் சொட்டத் தொடங்கும். சொட்டும் தண்ணீர் வெளியேறுவதற்காகப் பிராக்கெட்டில் ஒரு திறப்பு இருக்கும். சாஃப்ட் வழியாக வழியும் நீரைச் சுழற்றி வெளியே எறிய ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். அந்தத் திறப்பு தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும். அங்கிருந்து வைண்டிங்குக்குப் போகும். மோட்டார் எரியும். அதைவிட மோசமாக, ஈரம் ஏறிய மோட்டாரின் உடம்பில் மின்சாரம் பாயலாம். எர்த் சரியாக இணைக்காத வீட்டில் ஈரக்கையோடு பம்பைத் தொடுகிறவரின் உயிர் போகலாம். சர்வீஸ் பிரிவிலிருந்து வந்தவர் மேசையில் இருப்பது இதற்காகத்தான். எர்த் கம்பி சும்மா தொங்கும் எத்தனையோ பம்ப் செட்டுகளை அவர் பார்த்திருப்பார்.

தீவிரத்துக்கு 1 முதல் 10 வரை எண் கொடுக்கும் கட்டம் இங்கேதான் வருகிறது. பம்ப் தன் முக்கிய வேலையைச் செய்யாமல் நின்றுபோனால் 8. பயன்படுத்துகிறவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் 10. ஒரு பழுதுக்குப் பல விளைவுகள் இருந்தால் அவற்றில் மிக மோசமானதன் எண்ணையே எழுத வேண்டும். “அப்படியெல்லாம் எப்பவோ ஒரு தடவைதானே நடக்கும்?” என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்விதான், அதற்கான இடம் வேறு. எத்தனை தடவை நடக்கும் என்பதற்குத் தனி எண் இருக்கிறது. தீவிரத்தை மதிப்பிடும்போது, நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே மதிப்பிட வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் அரிதான, ஆனால் உயிர் குடிக்கும் பழுதுகள் 5க்கும் 6க்கும் இறங்கி, பட்டியலின் நடுவே தொலைந்துபோகும்.

அடுத்தது காரணம். முழு வேலையிலும் கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. கோப்புகளைப் புரட்டினால் காரணக் கட்டத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது “தொழிலாளியின் கவனக்குறைவு”. இதை எழுதினால் பரிகாரக் கட்டத்தில் “தொழிலாளிக்குப் பயிற்சி” என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆறு மாதம் கழித்து அதே தவறு அதே இடத்தில் நடக்கும். இன்னொரு தீங்கும் உண்டு. அந்த வரியைச் சுவரில் பார்த்த பிறகு அங்கே உட்கார்ந்திருக்கும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே தொடங்கும்போதே ஒரு விதியை வைத்துக்கொள்வது நல்லது: மனிதரைக் குறிக்கும் எந்தச் சொல்லும் காரணக் கட்டத்தில் வரக் கூடாது. கவனமான ஒருவருக்கும் இந்தத் தவறு எப்படி நேரும் என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில்கள் வேறு மாதிரி இருக்கும். “பாக்ஸைத் திறக்கும்போதே சிலதுல செராமிக் ரப்பர்லேர்ந்து கழண்டு கிடக்குதுங்க. நாங்கதான் திரும்ப மாட்டிக்கிறோம். ரெண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு.” இந்த மூன்று வாக்கியங்களில் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. சப்ளையர் பொட்டலம் கட்டும் விதத்தால் வளையம் கிண்ணத்திலிருந்து கழன்றுவிடுகிறது. கழன்ற சீலை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஸ்டேஷனில் இல்லை. வளையத்தின் இரு முகங்களையும் வேறுபடுத்தும் அடையாளம் எதுவும் இல்லை. மூன்றையும் மாற்ற முடியும். யாரையும் திட்ட வேண்டியதில்லை. கிழிந்த பெல்லோஸுக்கும் இப்படியே பதில் வரும். கீவே வெட்டிய பிறகு பிசிறு எடுக்கும் வேலை சில நாள் சரியாக நடப்பதில்லை. சோப்புத் தண்ணீர்ப் பாத்திரம் எட்டாத தூரத்தில் இருப்பதால், அவசரத்தில் உலர்வாகவே ரப்பரை ஏற்றிவிடுகிறார்கள்.

எத்தனை தடவை நடக்கிறது என்பதற்கான எண்ணை, புதிய பொருளுக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. பம்ப் இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை. இதே வகைச் சீல் போடும் பழைய மாடலிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பது உத்தரவாதக் காலத்தில் திரும்பி வந்த பம்புகளின் கணக்கு மட்டும். மாட்டும்போதே கவனித்துத் தாமே சரிசெய்துகொண்டவை அந்தக் கணக்கில் இல்லை. அதைத் தொழிலாளிதான் சொல்ல முடியும். ஒரு நாளைக்கு 300 பம்ப், மாதத்துக்கு 25 நாள் என்றால் 7,500 பம்ப். மாதம் ஒரு தடவை தலைகீழ் வளையம் கண்ணில் படுகிறது என்று ஒருவர் சொன்னால், கார் தொழிலின் 2008ஆம் ஆண்டுக் கையேட்டின் அட்டவணைப்படி அது 4க்கு அருகில் வரும். அதில் 10,000க்கு ஒன்று என்பது 4, 1,000க்கு இரண்டு என்பது 6. சரியான எண் 4ஆ 5ஆ என்று அரை மணி நேரம் வாதிடுவது வீண். வாதம் நீண்டால் பெரிய எண்ணை எழுதிவிட்டு மேலே போகலாம்.

மூன்றாவது எண், பழுது எவ்வளவு எளிதில் பிடிபடும் என்பது. இதில் எல்லோரும் ஒரு தடவையாவது குழம்புவார்கள். ஏனென்றால் இங்கே எண் பெரிதாவது நல்லதல்ல. நிச்சயம் பிடிபடும் என்றால் 1, பிடிபட வழியே இல்லை என்றால் 10. கண்ணால் பார்த்துச் சோதிப்பதற்கு வழக்கமாக 7 அல்லது 8 கொடுக்கப்படுகிறது. நாள் முழுக்க ஒரே பாகத்தைப் பார்க்கும் கண் சில நேரம் தவறவிடும் என்பது அந்த எண்ணின் பொருள். பழுதுள்ள பம்பை இயந்திரமே கண்டுபிடித்து நிறுத்தினால் எண் 4க்கோ 3க்கோ இறங்கும்.

பொறியாளர் முதலில் 4 என்று எழுதியிருப்பார். லைன் முடிவில் தானியங்கிக் கசிவுச் சோதனை இருக்கிறதே. காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் குறைகிறதா என்று இயந்திரமே பார்த்து, குறைந்தால் சிவப்பு விளக்குப் போடுகிறது. தாளில் அது சரிதான். ஆனால் சோதனை மேசையில் இருப்பவரிடம், “சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வீங்கண்ணா?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பதில் உடனே வராது. பிறகு மெதுவாக வரும்: “சாஃப்ட்டைக் கையால நாலு சுத்து சுத்திட்டு மறுபடி போடுவோம். பாதிக்கு மேல பச்சை வந்துடும்.” அவர் தவறு எதுவும் செய்யவில்லை. புதிய சீலில் முகங்கள் சரியாகப் படிவதற்கு முன் சிறிது கசிவது உண்மைதான், சுற்றினால் படிந்துவிடும். ஆனால் அதே நாலு சுற்றில், மாட்டும்போது பயன்படுத்திய சோப்புத் தண்ணீர் முகங்களுக்கு நடுவே பரவி, தலைகீழ் வளையத்தின் கசிவையும் சில நிமிடம் மறைத்துவிட முடியும். இரண்டாம் தடவை பச்சை வந்த பம்புகளில் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. எந்த ஆவணத்திலும் இல்லாத இந்த நாலு சுற்று தெரிந்தவுடன் எண் 4லிருந்து 7ஆக மாறுகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்தாலும் இந்த 7 கிடைத்திருக்காது.

இத்தகைய பதில் வருமா, வராதா என்பது அந்த மேசையில் மேலதிகாரிகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பதிலைக் கேட்டதும் சூப்பர்வைசர், “இதை யார் செய்யச் சொன்னது?” என்று கேட்டால் அமர்வு அந்த நொடியில் முடிந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு கையெழுத்துகள் கிடைக்கும், தகவல் கிடைக்காது. சொன்னதைத் தாளில் சொன்னபடியே எழுதி, எல்லோர் முன்னாலும் எண்ணை மாற்றுவதே சரியான பதில். தான் சொன்னதால் ஒரு எண் மாறியது என்று ஒருவர் கண்ணால் பார்த்த பிறகு, மற்றவர்கள் தானாகவே பேசத் தொடங்குவார்கள்.

மூன்று எண்களையும் பெருக்கி வரும் தொகையை வைத்து வரிசைப்படுத்துவது நீண்ட காலமாக இருந்த வழக்கம். மிகக் குறைவு 1, மிக அதிகம் 1,000. இந்தப் பெருக்கலில் ஒரு பள்ளம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு அதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். பழைய மதிப்பின்படி தலைகீழ் வளையத்துக்கு 10 × 4 × 4 = 160. பம்பின் மேல் பெயின்ட் கீறலுக்குத் தீவிரம் 3, அடிக்கடி நடப்பதால் 8, கண்ணால் பார்ப்பதால் 7; 3 × 8 × 7 = 168. பெருக்கலை நம்பினால், உயிர் போகக்கூடிய பழுதுக்கு முன்னால் பெயின்ட் கீறலைச் சரிசெய்ய வேண்டும். இதைக் கேட்டவுடன் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. 2019 கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, முதலில் தீவிரம், பிறகு நிகழும் அளவு, கடைசியில் பிடிபடும் வாய்ப்பு என்ற வரிசையில் பார்த்து, உயர், நடு, தாழ் என மூன்று முன்னுரிமைகளை மட்டும் தருகிறது. அதன்படி 10, 4, 4 என்பது உயர். 3, 8, 7 என்பது நடு. பிடிபடும் எண் 7 ஆன பிறகும் வளையம் உயர் முன்னுரிமையிலேயே இருக்கிறது, நியாயமாகவே. பெருக்குத்தொகை 100ஐத் தாண்டினால் மட்டும் நடவடிக்கை என்று எல்லை வகுத்துக்கொண்ட ஆலைகளில், எண்களைக் குறைத்து எழுதி 96இல் நிறுத்திவிடும் பழக்கம் வளர்வதுண்டு. முன்னுரிமை முறையில் அந்தச் சபலம் கொஞ்சம் குறைகிறது.

இனி பரிகாரம். எந்த நடவடிக்கை எந்த எண்ணைத் தொடும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷனில் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் தீவிரம் 10லிருந்து குறையாது. மின்சாரம் பாய்ந்தால் ஆபத்து ஆபத்துதான். அதைக் குறைக்க வடிவமைப்பை மாற்ற வேண்டும். ஆகவே பிராக்கெட்டின் வடிகால் திறப்பைப் பெரிதாக்கி, எளிதில் அடைக்காத இடத்துக்கு நகர்த்த முடியுமா என்ற கேள்வி இந்த அமர்விலிருந்து வடிவமைப்புப் பிரிவுக்குப் போகிறது. இது தொழிலாளர்கள் கேட்டு எழுந்த கேள்வி என்று அந்தத் தாளில் குறிப்பிடுவதும் நல்லதே.

நிகழும் அளவைக் குறைப்பது காரணத்தைத் தொடும் நடவடிக்கை. வளையத்தின் பின்முகத்தில் காடி வெட்டித் தரும்படி சப்ளையரிடம் கேட்கலாம். அமுக்கும் பிரஸ்ஸில் சீலை வைக்கும் ஃபிக்ஸ்சரின் நடுவே, அந்தக் காடிக்குள் மட்டும் நுழையும் சிறு முள் ஒன்றை வைக்கலாம். வளையம் சரியாக இருந்தால் முள் காடிக்குள் போகும், சீல் முழுவதும் உட்காரும், பிரஸ் இறங்கும். தலைகீழாக இருந்தால் முள் தட்டும், சீல் தூக்கிக்கொண்டு நிற்கும், சென்சார் பிரஸ்ஸை இறங்க விடாது. தவறாகச் செய்யவே முடியாதபடி வேலையை அமைக்கும் இந்த வழிக்கு ஜப்பானியர்கள் போக்கா-யோக்கே என்று பெயர் வைத்தார்கள். டொயோட்டா ஆலைகளில் ஷிகியோ ஷிங்கோ 1960களில் இதை வளர்த்தெடுத்தார். இதைச் செய்துவிட்டால் நிகழும் எண் 2, பிடிபடும் எண் 2 என்று இறங்கும். தீவிரம் 10ஆகவே இருந்தாலும் முன்னுரிமை தாழ்வுக்குப் போய்விடும்.

கிழியும் பெல்லோஸுக்கான பரிகாரம் இதைவிட மலிவு. சாஃப்ட்டின் முனையில் கீவேயை மூடும்படி கூம்பு வடிவப் பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் போட்டு, அதன் மேல் ரப்பரை வழுக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மூடியை எடுத்துவிடுவது. இத்தகைய யோசனைகள் பெரும்பாலும் தொழிலாளர்களிடமிருந்துதான் வரும். சிலர் ஏற்கெனவே ஏதோ ஒரு பாட்டில் மூடியை வெட்டி ரகசியமாகப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அதை முறையான கருவியாக்கி, எண் கொடுத்து, தேய்ந்தால் எப்போது மாற்றுவது என்றும் எழுதிவைத்தால் வேலை முடிந்தது. சோப்புத் தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. கிரீஸ் தடவலாமா என்று யாராவது கேட்டால், ரப்பர் எந்த வகை என்று தெரியாமல் சம்மதிக்கக் கூடாது. நைட்ரைல் ரப்பர் கனிம எண்ணெயைத் தாங்கும், இ.பி.டி.எம். ரப்பர் அதில் ஊதிப்போகும்.

கசிவுச் சோதனையில் கையால் சுற்றும் பழக்கத்தைத் தடை செய்வதால் பயனில்லை. முகங்கள் படிய வேண்டிய தேவை உண்மையானது. அதனால் சோதனைக்கு முன்பே எல்லாப் பம்புகளையும் தண்ணீர் நிரப்பி, குறிப்பிட்ட நேரம் ஓட்டிவிட்டுப் பிறகு காற்றழுத்தம் கொடுப்பது என்று வேலை வரிசையையே மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் சிவப்பு வந்தால் அந்தப் பம்ப் நேரே ரீவொர்க்குக்குப் போக வேண்டும். பரிகாரக் கட்டத்தில் யார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டும் இல்லாவிட்டால் எழுதியதெல்லாம் சுவரிலேயே நின்றுவிடும். எண்ணைக் குறைத்து எழுதுவதும் முள் பொருத்தி, வேண்டுமென்றே தலைகீழாக வைத்த சில வளையங்களை ஓட்டிப் பார்த்து, பிரஸ் இறங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் நடக்க வேண்டும். முள் தேய்ந்தாலோ சென்சார் கெட்டாலோ யாருக்கும் தெரியாமல் பாதுகாப்பு போய்விடும். எனவே ஷிஃப்ட் தொடங்கும்போது தலைகீழாக ஒட்டிவைத்த சிவப்பு நிற மாதிரி ஒன்றை வைத்து, பிரஸ் மறுக்கிறதா என்று பார்ப்பதும் வேலைக் குறிப்பில் சேர வேண்டும்.

உற்பத்தி தொடங்கிய பிறகு அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். செராமிக் சப்ளையர் மாறும்போது, சாஃப்ட் வேறு இயந்திரத்தில் வெட்டப்படும்போது, சோதனை நேரம் குறைக்கப்படும்போது, எதிர்பாராத வகையில் பழுதான பம்ப் ஒன்று திரும்பி வரும்போது, அந்தந்த வரியை மறுபடி திறக்க வேண்டும். திரும்பி வந்த பம்பைக் கழற்றும்போது முதலில் கேட்க வேண்டியது இது: இந்தப் பழுது நம் பட்டியலில் இருந்ததா? இருந்தும் தப்பியிருந்தால் ஏதோ ஓர் எண் தவறு. பட்டியலிலேயே இல்லையென்றால் அமர்வில் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருக்கிறார்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு; அதைத் தொழிலாளர்களிடம் மறைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு பழுதைத்தான் பார்க்கிறது. மற்ற எல்லாம் சரியாக இருக்கின்றன என்ற அனுமானத்தில்தான் அந்த வரி எழுதப்படுகிறது. இரண்டு சிறிய குறைகள் சேர்ந்து பெரிய தீங்கு செய்வதை இது எளிதில் காட்டாது. சற்றே சாய்ந்த வளையம் தனியாக இருந்தால் பல மாதம் தாங்கக்கூடும்; கோடையில் கிணறு வற்றி, பம்ப் தண்ணீரில்லாமல் சில நிமிடம் ஓடும் வீட்டில் அதே வளையம் சூடேறி உடனே விரிசல் விடும். இத்தகைய சேர்க்கைகளைத் தேடுவதற்குப் பெரும் விபத்திலிருந்து பின்னோக்கிக் காரணங்களைக் கிளைகிளையாக வரையும் பழுது மரம் என்ற வேறொரு முறை இருக்கிறது. அது பெரும்பாலும் வடிவமைப்புப் பிரிவின் வேலை. தண்ணீரில்லாமல் ஓடிய பம்புகளில் எந்த வகைச் சீல் முதலில் உடைந்தது என்ற தகவலை அவர்களுக்குத் தர வேண்டியவர்கள் ரீவொர்க் மேசைக்காரரும் சர்வீஸ் பிரிவினரும்தான்.